ஒரே ஆள், இரண்டு செக்மென்ட்: தெருமுனைக் கடையை வைத்து மார்க்கெட்டிங் ஸ்லைடுகளை விளக்கிய அனுபவம்

மேலாண்மைப் படிப்பில் முதலாமாண்டு மாணவர்களுக்குச் செக்மென்டேஷன், டார்கெட்டிங், பொசிஷனிங் பாடத்தை எடுக்கும் வேலை என்னிடம் வந்தது. அதாவது சந்தையைப் பிரிப்பது, அதில் எந்தப் பிரிவுக்கு விற்பது என்று தேர்ந்தெடுப்பது, அவர்கள் மனதில் ஓர் இடத்தைப் பிடிப்பது. ஸ்லைடுகள் ஏற்கெனவே தயாராக இருந்தன. பிரச்சினை என்னவென்றால் அவற்றில் இருந்த எடுத்துக்காட்டுகள் எல்லாம் கார், விமானம், குளிர்பானம் என்று பெரிய நிறுவனங்களைப் பற்றியவை. மாணவர்கள் அவற்றைப் படித்து, அப்படியே திருப்பிச் சொல்லிவிடுவார்கள். ஒரு முடிவை எடுக்கச் சொன்னால் நின்றுவிடுவார்கள். அதனால் ஸ்லைடுகளை மாற்றாமல், எடுத்துக்காட்டை மட்டும் ஒரு சின்னத் தெருமுனைக் கடையாக மாற்றிக்கொண்டேன். அன்றாடச் சாமான்கள் விற்கும் கடை, ஒரு முதலாளி, ஓர் உதவியாள், சற்றுத் தள்ளி ஒரு சூப்பர் மார்க்கெட். அவ்வளவுதான்.

முதல் ஸ்லைடு செக்மென்டேஷனின் வரையறை. 1956-இல் வெண்டல் ஸ்மித் ‘ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங்’ இதழில் எழுதிய கட்டுரையில் இருந்து இந்தச் சிந்தனை வருகிறது: பலவிதத் தேவைகள் கலந்து கிடக்கும் ஒரு சந்தையை, ஒரே மாதிரித் தேவை உள்ள பல சின்னச் சந்தைகளாகப் பார்ப்பது. இதைச் சொல்லி அடுத்த ஸ்லைடுக்குப் போனேன். அங்கே வழக்கமான நான்கு அடிப்படைகள் இருந்தன: இடம், வயது-வருமானம், மனப்போக்கு, வாங்கும் நடத்தை.

“சரி, நம்ம கடையின் வாடிக்கையாளர்களைப் பிரியுங்கள்” என்றதும் எல்லோரும் வயது-வருமானத்தைத்தான் எடுத்தார்கள். மாணவர்கள், குடும்பத் தலைவிகள், முதியவர்கள், வேலைக்குப் போகிறவர்கள். பட்டியல் பார்க்க அழகாகத்தான் இருந்தது. “இதில் முதியவர்களுக்குக் கடை எதை மாற்றிச் செய்ய வேண்டும்?” என்று கேட்டேன். பதில் வரவில்லை. முதியவர் வாங்கும் பாலும் மாணவர் வாங்கும் பாலும் ஒன்றுதான். இருவருமே கடைக்குப் பக்கத்தில் இருப்பதால் வருகிறார்கள். ஒரு பிரிவைப் பார்த்துக் கடை எதையும் வேறு மாதிரி செய்யப் போவதில்லை என்றால் அது வெறும் மக்கள்தொகைக் கணக்கு, செக்மென்ட் ஆகாது. ஸ்லைடில் ‘வேறுபடக்கூடியது’, ‘செயல்படுத்தக்கூடியது’ என்று இரண்டு நிபந்தனைகள் ஒற்றை வரியில் இருந்தன. அவை எதற்காக அங்கே இருக்கின்றன என்பது இந்த இடத்தில்தான் வகுப்புக்குப் பிடிபட்டது.

அப்புறம் ஆட்களை விட்டுவிட்டுப் பில்லைப் பார்க்கச் சொன்னேன். ஒரு நாளின் 100 பில்கள் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சீட்டிலும் நேரம், பொருள்களின் எண்ணிக்கை, மொத்தத் தொகை மூன்றையும் எழுதி வகுப்பில் பரப்பினேன். எண்கள் நான் பாடத்துக்காக அமைத்தவை. பிரிக்கச் சொன்னபோது மாணவர்கள் தாங்களாகவே மூன்று கட்டுகளாக அடுக்கினார்கள்.

முதல் கட்டில் 60 பில்கள். ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு பொருள்கள்தான். வீட்டில் ஏதோ தீர்ந்துபோய், உடனே வேண்டும் என்று வந்தவர்கள். இதற்கு ‘அவசரம்’ என்று பெயர் வைத்தோம். இரண்டாவது கட்டில் 15 பில்கள், ஒவ்வொன்றும் நீளமானது. கையில் பட்டியலோடு வந்தவர்கள். மூன்றாவது கட்டில் 25 பில்கள்: போகிற வழியில் நின்று, குடிக்கவோ கொறிக்கவோ வாங்கிப் போனவர்கள். மொத்த விற்பனையை 100 பங்காக வைத்தால் அவசரம் 30, பட்டியல் 50, வழிப்போக்கு 20.

இங்கேதான் அந்த வகுப்பின் மிக நல்ல கேள்வி வந்தது. ஒரு மாணவி எழுந்து, “சார், காலைல அவசரமா பால் வாங்க வர்றவங்களே மாசத்துக்கு ஒரு தடவ பட்டியலோடயும் வர்றாங்க. ஒரே ஆள் ரெண்டு கட்டுலயும் இருந்தா அது எப்படி ரெண்டு செக்மென்ட்?” என்றார்.

ஸ்லைடுகள் இந்தக் கேள்வியைத் தொடவே இல்லை. நான் அங்கேயே நின்று நேரம் எடுத்துக்கொண்டேன். நாம் பிரிப்பது உடம்புகளை அல்ல, தேவைகளை. அதே ஆள், பால் இல்லாமல் நிற்கும்போது விலையைப் பார்ப்பதில்லை. கடை திறந்திருக்கிறதா, பொருள் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார். பட்டியலோடு வரும்போது ஒவ்வொரு பொருளுக்கும் விலை கேட்கிறார், சூப்பர் மார்க்கெட்டோடு ஒப்பிடுகிறார், மூன்று பிராண்டு காட்டச் சொல்கிறார். ஒரே சலுகைக்கு அவர் இரண்டு நேரத்தில் இரண்டு விதமாகப் பதில் கொடுக்கிறார். விமான நிறுவனங்களும் இப்படித்தான் பார்க்கின்றன: அலுவலக வேலையாக நாளைக்கே பறப்பவரும், விடுமுறைக்காக மாதங்களுக்கு முன்பே டிக்கெட் தேடுபவரும் ஒரே மனிதராகவே இருக்கலாம். இதைத்தான் வாங்கும் சந்தர்ப்பத்தை வைத்துப் பிரிப்பது என்கிறோம். நான்காவது அடிப்படையான வாங்கும் நடத்தைக்குள் இது ஒரு சின்னப் புள்ளியாக ஒளிந்திருந்தது. தெருக்கடைக்கு எனக்குத் தெரிந்து இதைவிட உதவும் அடிப்படை வேறு இல்லை.

அடுத்தது டார்கெட்டிங். எதைத் தேர்ந்தெடுப்பது என்றதும் முக்கால்வாசி வகுப்பு ‘பட்டியல்’ என்றது. விற்பனையில் பாதி அங்கேதான் இருக்கிறது, ஒரு பில்லின் சராசரித் தொகையும் அவசர பில்லைப் போல 6 மடங்குக்கு மேல். அளவை மட்டும் பார்த்தால் இது நியாயமான பதில். அதனால் மறுக்காமல் இன்னொரு வரிசையைச் சேர்த்தேன். விலையை ஒப்பிடுகிறவரிடம் கடைக்காரர் குறைத்துத்தான் விற்க முடியும் என்பதால், பட்டியல் விற்பனையில் 100-க்கு 8 மிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். வழிப்போக்கில் 15, அவசரத்தில் 18. பெருக்கிப் பார்த்தால் பட்டியலில் கிடைப்பது 4 பங்கு, வழிப்போக்கில் 3, அவசரத்தில் 5.4. விற்பனையில் 30 பங்கே இருந்த கட்டு, மிச்சத்தில் முதலிடத்துக்கு வந்துவிட்டது.

இலாபம் ஒரு பக்கம்தான். போட்டியும் இருக்கிறது. சூப்பர் மார்க்கெட் மொத்தமாக வாங்குவதால் கொள்முதல் விலையே அதற்குக் குறைவு. பட்டியல்காரரை முழுதாகப் பிடிக்க வேண்டுமானால் கடைக்காரர் அதே விலைக்கு இறங்க வேண்டும், இடமே இல்லாத அலமாரியில் வகைகளையும் கூட்ட வேண்டும். இரண்டுமே அவரால் நீடித்துச் செய்ய முடியாதவை. அவசரத்தில் நிலைமை தலைகீழ். அங்கே பெரிய கடையின் அகலமும், வண்டி நிறுத்துமிடமும், நீளமான பில் வரிசையும் அதற்கே சுமை. ஒரு செக்மென்ட் பெரியதா என்பதோடு, அங்கே நம்மால் ஜெயிக்க முடியுமா என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் டார்கெட்டிங் முழுமையாகிறது.

ஓர் எச்சரிக்கையும் சொன்னேன். ஒரு நாள் பில் ஏமாற்றும். சம்பளம் வரும் வாரத்தில் பட்டியல் பில்கள் கூடும், மாதக் கடைசியில் குறையும். அதைவிட முக்கியம், பொருள் இல்லை என்று திரும்பிப் போனவருக்குப் பில்லே கிடையாது. நம் கணக்கில் வராத அவர்தான் பெரும்பாலும் அவசரக் கட்டைச் சேர்ந்தவர்.

பொசிஷனிங் ஸ்லைடில் இரண்டு அச்சுகள் கொண்ட பெர்செப்சுவல் மேப் இருந்தது. வாடிக்கையாளரின் மனதில் எந்தக் கடை எங்கே நிற்கிறது என்று காட்டும் வரைபடம். மாணவர்கள் உடனே விலை, தரம் என்று கோடு போட்டார்கள். எல்லாப் புள்ளிகளும் மூலைவிட்டமாக ஒரே கோட்டில் விழுந்தன. விலை கூடினால் தரமும் கூடும் என்று மக்கள் நினைப்பதால் அந்த இரண்டு அச்சும் ஏறக்குறைய ஒன்றையே அளக்கின்றன. புள்ளிகள் ஒரே கோட்டில் வரிசை கட்டினால் அச்சு சரியில்லை என்று அர்த்தம், அழித்துவிட வேண்டியதுதான்.

பதிலுக்கு, அவசரமாக வருகிறவர் உண்மையில் எதை எடைபோடுகிறார் என்று கேட்டு இரண்டை எடுத்தோம்: பொருள் கைக்கு வர எவ்வளவு நேரம், தேடியது கிடைக்கும் என்ற நம்பிக்கை எவ்வளவு. சூப்பர் மார்க்கெட் நம்பிக்கையில் உயரம், நேரத்தில் மெதுவு. வீட்டுக்கே கொண்டுவரும் ஆப் இரண்டிலும் நடுவில். நம் கடை நேரத்தில் முதலிடம், நம்பிக்கையில் கீழே. வேகமும் நம்பிக்கையும் சேர்ந்த மூலை காலியாக இருந்தது. காலியாக இருக்கும் மூலையெல்லாம் வாய்ப்பு இல்லை என்பதையும் காட்ட முடிந்தது, ஏனென்றால் எதிர் மூலையும் காலிதான். மெதுவாகவும் கிடைக்குமா என்ற சந்தேகத்தோடும் விற்கும் கடை யாருக்கும் வேண்டாம்.

கடைசி ஸ்லைடு பொசிஷனிங் வாசகம். யாருக்கு, எந்த வகைக் கடை, என்ன வித்தியாசம், ஏன் நம்ப வேண்டும் என்ற நான்கு கட்டங்கள். மாணவர்களின் முதல் வரைவு ‘தரமான பொருள், நியாயமான விலை, அன்பான சேவை’. சூப்பர் மார்க்கெட்டின் பெயரைப் போட்டுப் படிக்கச் சொன்னேன். அதற்கும் பொருந்தியது. போட்டியாளர் பெயரைப் போட்டாலும் பொருந்துகிற வாசகத்தில் பொசிஷனிங் எதுவும் இல்லை. நியாயமான விலையும் சுத்தமும் எல்லாக் கடைக்கும் இருந்தே ஆக வேண்டிய சமநிலைப் புள்ளிகள், அவற்றை வித்தியாசமாகச் சொல்ல முடியாது.

நிறைய அடித்தலுக்குப் பிறகு வந்தது இது: ‘வீட்டில் ஒரு பொருள் தீர்ந்து இப்போதே வேண்டும் என்று கிளம்பும் அக்கம்பக்கத்தாருக்கு, போன உடனே கிடைத்துவிடும் என்று நம்பக்கூடிய பக்கத்துக் கடை இது. ஏனென்றால் அடிக்கடி தீர்ந்துபோகும் 40 பொருள்கள் இங்கே ஒருபோதும் தீராது.’

கடைசி வரிதான் உயிர். அது கடைக்காரரின் கையைக் கட்டுகிறது. 40 பொருள்கள் தீரக் கூடாது என்றால் அவற்றுக்குக் கூடுதல் இருப்பு வேண்டும், அதற்கு அலமாரியில் இடம் வேண்டும். அப்படியானால் நான்காவது ஷாம்பு பிராண்டு வெளியே போக வேண்டும். பட்டியலோடு வருகிறவர் அதற்காக முகம் சுளிக்கலாம். வாசகத்தை எழுதியபின் எதை விடுகிறோம் என்று யாரும் சொல்ல முடியவில்லை என்றால் அது இன்னும் சுவரொட்டி வாசகம்தான் என்று சொல்லி, ஒவ்வொரு குழுவையும் விடப்போகிற மூன்று பொருள்களை எழுத வைத்தேன். வாக்குவாதம் அதிகம் நடந்ததும் அப்போதுதான்.

“இது வேலை செய்கிறதா என்று கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?” என்று ஒருவர் கேட்டார். விற்பனை கூடியதா என்று பார்ப்பது போதாது, அதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம். கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டு. யாராவது கேட்டு ‘இல்லை’ என்று சொல்லும்போதெல்லாம் பொருளின் பெயரும் நேரமும் எழுத வேண்டும். பில்லில் வராதவர் இங்கே வருகிறார். 40-க்குள் இருக்கும் பொருள் நோட்டில் வந்தால் கொடுத்த வாக்கு உடைந்திருக்கிறது, இருப்பைக் கூட்ட வேண்டும். 40-க்கு வெளியே உள்ள ஒரே பொருள் திரும்பத் திரும்ப வந்தால் பட்டியலே தவறு, அதை உள்ளே கொண்டுவந்து விற்காமல் கிடக்கும் ஒன்றை எடுக்க வேண்டும். எப்போதோ ஒருமுறை கேட்கப்பட்டதை அப்படியே விட்டுவிடலாம்.