பில் தொலைந்த பயணக் கணக்கும் தினப்படியும்: ஒரு க்ளெய்மை முடித்த கதை

பெங்களூரு பீன்யாவில் ஒரு இயந்திரக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் சர்வீஸ் இன்ஜினியர்கள் மாதத்தில் பாதி நாள் வெளியூரில்தான் இருப்பார்கள். போன அக்டோபரில் கிருஷ்ணகிரிக்காரத் தம்பி ஒருவர் புனே பக்கம் சாக்கனில் ஒரு வேலையை முடித்துவிட்டுத் திரும்பும்போது, பில் வைத்திருந்த பையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டார். அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்கு மேல் க்ளெய்ம் படிவம் என் மேசைக்கு வந்தது. அதில் இணைப்பு என்று இருந்தது போகும்போது எடுத்த பஸ் டிக்கெட்டின் மெயில் மட்டும்தான்.

கொடுத்த முன்பணம் 15,000 ரூபாய். அவர் கேட்டது 17,060. போகும் பஸ் 1,450, திரும்பும் பஸ் 1,600, ஹோட்டல் 7,080, ஆட்டோ 1,480, அங்கே கடையில் வாங்கிய சென்சார் கேபிளுக்கு 1,850. அப்புறம் ஆறு நாள் தினப்படி, நாளுக்கு 600 வீதம் 3,600.

அவருடைய மேனேஜர் போன் பண்ணி, "பில் இல்லாததை எல்லாம் டிஏவில் ரெண்டு நாள் கூட்டிப் போட்டு முடிச்சிடுங்க மேடம்" என்றார். பல ஆபீஸில் இப்படித்தான் முடிக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தினப்படிக்கு பில் கேட்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் அது ஊரை விட்டு வெளியே இருந்த நாட்களுக்கு, சாப்பாடு போன்ற அன்றாடச் செலவுக்குத் தருவது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 10(14)(i), அதற்கான விதி 2BB இரண்டும் அந்தச் செலவுக்கு உண்மையில் ஆன அளவுக்குத்தான் விலக்குத் தந்தன. வெளியே இல்லாத நாளுக்கு டிஏ போட்டால் அது சம்பளத்தோடு சேர்ந்துவிடும், டிடிஎஸ் பிடிக்க வேண்டியிருக்கும். தொலைந்த பஸ் டிக்கெட்டுக்காக அந்தத் தம்பி ஏன் வரி கட்ட வேண்டும்?

அதனால் முதலில் தினப்படியைத் தனியாக எடுத்து முடித்தேன். எங்கள் விதிப்படி நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை ஒரு நாள். வெளியே இருந்தது 12 மணி நேரத்துக்கு மேல் என்றால் முழுப்படி, 6 முதல் 12 வரை அரைப்படி, அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. திங்கள் இரவு ஒன்பதரைக்குக் கிளம்பியதால் அன்றைக்கு இரண்டரை மணி நேரம்தான், படி கிடையாது. செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு முழு நாள். சனி காலை ஒன்பது மணிக்கு வந்து இறங்கியதால் அரை நாள். ஆக நான்கரை நாளுக்கு 2,700. அவர் கேட்டதில் 900 இங்கேயே குறைந்தது. இதற்கு பில் எதுவும் வேண்டாம், ஆனால் நேரத்துக்கு ஆதாரம் வேண்டும். வாடிக்கையாளர் தொழிற்சாலையின் கேட் பதிவேட்டில் இருந்த உள்ளே, வெளியே நேரங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அது பின்னால் இன்னொரு விஷயத்துக்கும் உதவியது.

அடுத்து ஹோட்டல். 7,080 யுபிஐயில் போயிருந்தது. சரி, பணம் போனது உறுதி. ஆனால் எதற்குப் போனது என்று யுபிஐ சொல்லாது. அறை எடுக்கும்போது கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்ததாகத் தம்பி சொன்னதால், விற்றவர்கள் எங்கள் எண்ணில் போட்ட பில்களைக் காட்டும் ஜிஎஸ்டி அறிக்கையான GSTR-2B-யை, அந்த மாதத்துக்கானதைத் திறந்து பார்த்தேன். ஹோட்டல் மகாராஷ்டிராவில் இருப்பதால் அவர்கள் போடுவது அந்த மாநிலத்து வரி. கர்நாடகத்தில் மட்டும் பதிவு உள்ள எங்களுக்கு அதில் உள்ளீட்டு வரி கிரெடிட் கிடைக்காது. அதனால் பலர் அந்தப் பதிவைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் கிரெடிட் கிடைக்காத பகுதியிலும் பில் எண், தேதி, தொகை எல்லாம் இருக்கும். தொலைந்த பில்லைத் தேட நல்ல இடம் அது. மாதம் 14-ஆம் தேதிக்குத்தான் முந்தைய மாதத்துக்கானது வரும் என்பதால், க்ளெய்ம் தாமதமாக வந்தது இந்த ஒரு விஷயத்தில் நல்லதாகப் போயிற்று.

அதில் இருந்த தொகை 6,000, வரி 300. மொத்தம் 6,300. மீதி 780 எங்கே? வரவேற்பு மேசைக்கு போன் பண்ணி, அறை எண்ணும் காலி செய்த தேதியும் சொல்லி, கம்பெனி மெயிலுக்கு நகல் கேட்டேன். இரண்டு பில் வந்தது. ஒன்று அறை வாடகை, மூன்று இரவுக்கு 6,300. இன்னொன்று அறைக்கு வரவழைத்த இரவுச் சாப்பாடு, 780. தம்பி ஏமாற்ற நினைக்கவில்லை. மொத்தமாகக் கட்டியதை மொத்தமாக எழுதிவிட்டார். ஆனால் சாப்பாட்டுக்கு டிஏ வாங்கிவிட்டு அதே சாப்பாட்டை ஹோட்டல் கணக்கிலும் வாங்க முடியாது. "அக்கா, பில் கிடைக்காமலே இருந்திருக்கலாம் போல" என்று சிரித்தார்.

ஆட்டோவுக்கு ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், வங்கி அறிக்கையே வேண்டும் என்றேன். யுபிஐயில் ஆட்டோக்காரர்களுக்குப் போன பணம் எல்லாம் தனி ஆட்கள் பெயரில்தான் இருக்கும். டீக்கடைக்காரரும் அப்படித்தான் இருப்பார். நேரத்தை வைத்துத்தான் பிரித்தேன். கேட்டில் நுழைந்ததற்குச் சற்று முன்னாலோ, வெளியே வந்த பின்னாலோ போன தொகைகளைக் கூட்டினால் 860 வந்தது. மீதி 620 ரொக்கம். பில் இல்லாத உள்ளூர்ப் பயணத்துக்கு நாளுக்கு 150 வரை உறுதிமொழியின் பேரில் தரலாம் என்பது எங்கள் விதி. நான்கு வேலை நாளுக்கு 600. இருபது ரூபாயை வெட்டினேன், அதற்கு நான் வருத்தப்படவில்லை.

கேபிள் வாங்கிய கடைக்காரர் வாட்ஸ்அப்பிலேயே நகல் அனுப்பிவிட்டார், அது சுலபம். ஆனால் அதைப் பயணச் செலவில் போடக் கூடாது. எந்த வேலைக்கு வாங்கியது என்று ஜாப் எண்ணைக் கேட்டு உதிரிபாகக் கணக்கில் சேர்த்தேன். இல்லாவிட்டால் வாடிக்கையாளருக்கு அதை பில் போடவே மறந்துபோகும்.

கடைசி வரை ஆதாரம் கிடைக்காதது திரும்பும் பஸ்தான். ஏஜென்டிடம் ரொக்கம் கொடுத்து வாங்கியது. குறுஞ்செய்தியும் ஏஜென்டின் எண்ணுக்கே போய்விட்டது. அவர் பயணம் செய்தது நிச்சயம். வெள்ளி மாலை சாக்கன் கேட்டில் வெளியே வந்தவர் சனிக்கிழமை மதியம் பீன்யாவில் வருகை போட்டிருக்கிறார். தெரியாதது கட்டணம் மட்டுமே. அதனால் போகும்போது ஆன 1,450-ஐயே உச்சமாக வைத்து, மேனேஜர் கையெழுத்தோடு அனுமதித்தேன். தேதி, எங்கிருந்து எங்கே, எவ்வளவு, பில் ஏன் இல்லை, இதை வேறெங்கும் கேட்கவில்லை என்ற ஐந்தும் உறுதிமொழியில் இருக்க வேண்டும். "பில் தொலைந்தது" என்ற ஒரு வரி போதாது.

டாலியில் பதிவு இப்படிப் போனது:

```
பயணக் கட்டணம்            பற்று   2,900
தங்கும் செலவு             பற்று   6,300
உள்ளூர்ப் போக்குவரத்து    பற்று   1,460
தினப்படி                  பற்று   2,700
உதிரிபாகம்                பற்று   1,850
  ஊழியர் முன்பணம்         வரவு  15,000
  ஊழியருக்குத் தர வேண்டியது  வரவு     210
```

உறுதிமொழியை மட்டும் நம்பிப் போனது பஸ் 1,450, ஆட்டோ 600, ஆக 2,050. அந்த இரண்டையும் விவரக் குறிப்பில் தனித்தனியாகக் காட்டி, "பில் இல்லை, உறுதிமொழி இணைப்பு" என்று எழுதினேன். ஆடிட்டர் தேடிப் பிடித்துக் கேட்பதற்கு முன்னால் நாமே காட்டிவிடுவது மேல். தணிக்கையின்போது அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்தார், மேலே கேட்கவில்லை. அவர் கேட்டதெல்லாம் கேபிளைப் பற்றித்தான்: வாடிக்கையாளருக்கு பில் போட்டாயிற்றா என்று. போட்டிருந்தோம்.