பணம் வரும்வரை ஓவியம் என்னுடையது

ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கைக்கு ஓவியங்கள் வரைந்து கொடுத்தேன். வேலை சிக்கலின்றி முடிந்தது, அறிக்கையும் அச்சாகிவிட்டது. பணம் மட்டும் வரவில்லை. கெடு கடந்த பிறகுதான், என் பில்லில் கொள்முதல் ஆணை எண் இல்லை என்று கணக்குப் பிரிவு கண்டுபிடித்தது. அதுவரை அந்த எண்ணை யாரும் என்னிடம் சொன்னதே இல்லை! எண்ணைச் சேர்த்து மறுபடி அனுப்பினால், "இன்றிலிருந்து 30 நாள்" என்றார் அங்கிருந்தவர். பழைய தேதியை விட்டுக்கொடுக்க முடியாது என்று எழுத்தில் பதில் அனுப்பினேன். நீங்கள் பில் போடும் முன்பே, அதில் என்னென்ன இருக்க வேண்டும், யார் ஒப்புதல் தர வேண்டும் என்று மின்னஞ்சலில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இதற்கிடையே அவர்களின் மேலாளர், இணையதளத்தில் போடுவதற்கு மூலக் கோப்புகளைக் கேட்டார். பணத்தை நினைவூட்டியதும், "நாங்கள் சொல்லி வரைந்தது எங்களுடையதுதானே?" என்றார். சம்பளத்துக்கு வேலை செய்பவர் என்றால் பெரும்பாலும் அப்படித்தான். தனித்து வேலை எடுப்பவரின் பதிப்புரிமையோ, பல நாடுகளில், எழுத்து மூலம் மாற்றிக் கொடுக்காதவரை அவரிடமே இருக்கும்.

அதை மட்டும் நம்பி மிரட்டல் கடிதம் எழுதிவிடாதீர்கள். ஒப்பந்தம் வாய்மூடி இருக்க, நீங்களும் நிபந்தனையின்றிக் கோப்பைக் கொடுத்துவிட்டால், பயன்படுத்த மறைமுகமாக அனுமதி தந்ததாகவே நீதிமன்றம் கொள்ளக்கூடும். அப்போது உங்களுக்கு எஞ்சுவது கடன் பாக்கி வழக்குதான். "உருவான கணத்திலிருந்தே உரிமை வாடிக்கையாளருக்கு" என்று கையெழுத்திட்டிருந்தாலும் கதி அதுவே. என் ஒப்பந்தத்தில் "முழுத் தொகையும் வந்த பிறகே பயன்பாட்டு அனுமதி தொடங்கும்" என்ற ஒரு வரி இருந்தது. நான் பிழைத்தது அதனால்தான்.

கடிதத்தைக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பாமல், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இயக்குநருக்கே அனுப்பினேன். பில் எண், தொகை, முதல் கெடு, இறுதிக் கெடு, அந்த வரி ஆகியவற்றோடு, தவறினால் சிறு தொகை வழக்குக்கான நீதிமன்றத்துக்குப் போவேன் என்பதையும் எழுதினேன். வசைச் சொல் ஒன்றுகூட இல்லை. மனத்துக்குள் நிறைய இருந்தது.

உடனே பாதித் தொகை வந்தது. கூடவே "முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்கிறேன்" என்று கையெழுத்திட ஒரு தாளும் வந்தது. இதில்தான் பலர் விழுகிறார்கள். கையெழுத்திட்டால் மீதிப் பணத்துக்கு முழுக்குதான். "இதைப் பகுதித் தொகையாக மட்டுமே வரவு வைக்கிறேன்" என்று அன்றே பதில் எழுதினேன்.

இறுதிக் கெடுவுக்கு முந்தைய நாள் மீதியும் வந்து சேர்ந்தது. தாமத வட்டியைத் தர மறுத்துவிட்டார்கள். அதற்காக வழக்குக்கு அலைய எனக்குப் பொறுமையில்லை. அறிக்கைக்கும் இணையதளத்துக்கும் மட்டுமான அனுமதியைக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அடுத்து அதே ஓவியங்களை நாட்காட்டிக்கும் கேட்டார்கள். அதற்குத் தனிக் கட்டணம், முழுவதும் முன்பணமாக என்று சொல்லியிருக்கிறேன்.