16 எம்.பி. கோப்பை 20 எம்.பி. பெட்டி ஏற்க மறுத்த கதை

எங்கள் ஊர்க் கோயிலின் கும்பாபிஷேக மலரை வடிவமைத்து முடித்ததும் அச்சகத்துக்கு பிடிஎஃப் அனுப்ப வேண்டியிருந்தது. கோப்பு 16 எம்.பி. ஜிமெயிலின் வரம்பு 25 எம்.பி. "எங்க மெயில் 20 எம்.பி. வரைக்கும் வாங்கும் சார்" என்று அச்சகத்தாரும் சொல்லியிருந்தார். அனுப்பினேன். சற்று நேரத்தில் Mail Delivery Subsystem என்ற பெயரில் அது திரும்பி வந்தது. நீளமான அந்த மெயிலில் பார்க்க வேண்டியது ஒரே வரிதான்:

```
552 5.3.4 Message size exceeds fixed limit
```

எண் 4-இல் தொடங்கினால் தற்காலிகத் தடங்கல். சர்வரே மறுபடி முயன்று பார்க்கும். 5-இல் தொடங்கினால் முடிவான மறுப்பு. அதே கோப்பைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பயனில்லை.

16 எப்படி 20-ஐத் தாண்டியது? மெயில் எழுத்துகளை மட்டும் கொண்டுபோகப் பிறந்தது. அதனால் இணைப்பை பேஸ்64 முறையில் எழுத்துகளாக மாற்றித்தான் அனுப்புகிறார்கள். மூன்று பைட்டுக்கு நான்கு எழுத்து. மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. வரி முறிவுகளும் சேர, என் கோப்பு 22 எம்.பி. அளவுக்கு வீங்கிவிட்டது. 20 எம்.பி. பெட்டிக்குள் நிஜத்தில் 14 எம்.பி. கோப்புதான் நிம்மதியாகப் போகும். ஜிப் செய்தும் பார்த்தேன். படங்கள் ஏற்கெனவே ஜேபெக்காகச் சுருங்கியிருந்ததால் அளவு அசையவில்லை. படத்தின் தரத்தைக் குறைத்தால் அச்சில் பல்லிளிக்கும்.

ஆகவே கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் கொடுத்தேன். அங்கே பகிர்வு Restricted என்றுதான் தொடங்கும். அப்படியே அனுப்பினால் எதிர்முனையில் கோப்பு திறக்காது, அனுமதி கேட்கும் திரைதான் வரும். அச்சகத்தில் யார் எந்தக் கணக்கில் உட்காருவார்கள் என்று தெரியாததால் Anyone with the link, Viewer என்று வைத்தேன். அனுப்புமுன் அந்த லிங்க்கை இன்காக்னிட்டோ விண்டோவில் திறந்து பார்த்தேன். அங்கே திறந்தால் அவர்களுக்கும் திறக்கும். தெரியாத லிங்க்கைத் தொடப் பயப்படுவார்களே என்று போனிலும் சொல்லிவைத்தேன்.

பிறகு நன்கொடையாளர் ஒருவரின் இனிஷியல் தவறென்று தெரிந்தது. புதிய கோப்பைத் தனியாக ஏற்றினால் இரண்டு லிங்க் ஆகி, எது சரி என்ற குழப்பம் வரும். டிரைவின் Manage versions வழியாகப் பழைய கோப்பின் மேலேயே ஏற்றினால் லிங்க் மாறாது. ஆனால் அவர்கள் ஏற்கெனவே இறக்கிவைத்த பழைய பிரதி தானாக மாறாதே! மறுபடி இறக்கச் சொல்லி, இரு பக்கமும் கோப்பின் அளவைப் பைட் கணக்கில் ஒப்பிட்டோம்.

லிங்க் யார் கைக்குப் போனாலும் திறக்கும். மலரிலோ கமிட்டிக்காரர்களின் போன் எண்கள் இருந்தன. ப்ரூஃப் சரி என்று அச்சகம் சொன்ன அன்றே பகிர்வை Restricted-க்கு மாற்றிவிட்டேன்.