கிராம சபையில் என் முதல் ஏழு நிமிடம்

2020 ஜனவரி 6-ம் தேதி ஊராட்சித் தலைவராகப் பதவி ஏற்றேன். அடுத்த இருபதாவது நாள் குடியரசு தினம், கிராம சபை. புதுக்கோட்டை மாவட்டத்தில் மூவாயிரம் பேருக்கும் குறைவாக இருக்கிற ஒரு சின்ன ஊராட்சி எங்களுடையது. பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால் நான் நின்றேன், ஜெயித்தேன். அதற்கு முன்பு மைக்கில் பேசியது பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி வாசித்ததோடு சரி.

கூட்டத்துக்கு முந்தின நாள் செயலர் நான்கு பக்கம் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். தலைவர் உரை. “வாசிச்சாப் போதும்மா, போன தலைவரும் இதைத்தான் வாசிப்பார்” என்றார். முதல் ஒன்றரைப் பக்கம் முழுக்க வருக, வருக. மந்திரியிலிருந்து பணித்தளப் பொறுப்பாளர் வரை ஒருவர் விடாமல் பெயரும் பதவியும். மூன்றாவது பக்கத்தில் அரசுத் திட்டங்கள். கடைசி வரியில் மட்டும் ஊர் வருகிறது: “பொதுமக்கள் தங்கள் கோரிக்கைகளைத் தெரிவிக்கலாம்.”

மறுநாள் மைக்கை என் வீட்டுக்காரரிடம்தான் நீட்டினார்கள். அவர் வாங்காமல் என்னைக் காட்டினார், அதுவரைக்கும் நல்லது. நான் நான்கு பக்கத்தையும் வாசித்தேன், இருபது நிமிடம் ஆனது. வாசித்து முடித்த தைரியத்தில், எழுதியதில் இல்லாத ஒரு வாக்கியத்தையும் சேர்த்துச் சொன்னேன்: “என்ன வேணும்னாலும் கேளுங்க, செஞ்சு தர்றேன்.”

கேட்டார்கள். இரண்டு தெருவிளக்கு போக மற்றதெல்லாம் பட்டா, பஸ், ரேஷன் கடையில் எடை, முதியோர் பென்ஷன், கண்மாய் ஆக்கிரமிப்பு, யாரோ ஒருவருடைய வரப்புச் சண்டை. இதில் ஒன்றுகூட ஊராட்சி தானாக முடித்துவைக்கக் கூடியது இல்லை. அது எனக்கும் அன்றைக்குத் தெரியாது. சத்தம் போடுகிறவர்கள் நான்கு பேர் மைக்கைச் சுற்றி நின்றுகொண்டார்கள். தள்ளி வேப்பமரத்தடியில் நின்ற காலனிப் பெண்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் கைநாட்டும் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்கள். தீர்மானப் புத்தகத்தில் “ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது” என்று இருந்தது.

அப்புறம் கொரோனா வந்தது. அடுத்த கிராம சபை எங்களுக்கு 2021 அக்டோபர் 2-ல்தான் கூடியது. அந்த இருபது மாதமும் ஊருக்குள் எங்கே போனாலும் “கேளுங்க செஞ்சு தர்றேன்னு சொன்னீங்களே” என்று யாராவது பிடித்துக்கொள்வார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் கொடுத்த விலை கொஞ்சமில்லை.

இரண்டாவது கூட்டத்துக்கு நானே எழுதுவது என்று முடிவு செய்தேன். நான்கு நாளைக்கு முன்பே செயலரோடு உட்கார்ந்து 2020 ஜனவரித் தீர்மானங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்றில் ஒரு சொல் எழுதினேன்: முடிந்தது, அனுப்பியது, முடியாது. பதினோரு கோரிக்கையில் முடிந்தது இரண்டு, இரண்டுமே தெருவிளக்கு. ஆறு தீர்மானங்களின் நகல் ஒன்றிய அலுவலகத்துக்கும் மற்றத் துறைகளுக்கும் போயிருக்க வேண்டும். தேடிப் பார்த்தால் மூன்று எங்கள் அலுவலக பீரோவிலேயே கிடந்தது. செயலர் முகத்தைத் தொங்கப்போட்டார். அந்த மூன்றையும் அன்று சாயங்காலமே அனுப்பி, ஒப்புகை வாங்கி வைத்துக்கொண்டோம்.

இந்தப் பட்டியலை வாசிப்பதுதான் வரவேற்புரை என்று வைத்துக்கொண்டேன். “எல்லாருக்கும் வணக்கம். போன கூட்டத்தில் பதினோரு விஷயம் கேட்டீர்கள். அது என்ன ஆச்சு என்று முதலில் சொல்லிவிடுகிறேன்” என்று ஆரம்பித்தேன். வருக வருகவே கிடையாது. கூட்டத்தைக் கவனிக்க வந்திருந்த அதிகாரியான பற்றாளர் தன் பெயர் வரவில்லையே என்று ஒரு மாதிரி பார்த்தார். மூன்று நகல் பீரோவில் கிடந்ததையும் சொன்னேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன், கொஞ்சம் திட்டவும் செய்தார்கள். ஆனால் முதல் தடவையாக, பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு மேடைப் பக்கம் திரும்பினார்கள். தாங்கள் கேட்டது எங்கே போனது என்று யாருக்குத்தான் தெரிந்துகொள்ள ஆசை இருக்காது?

அடுத்து காசு. வரவு செலவு அறிக்கையை எப்படியும் சபையில் வைத்தாக வேண்டும். ஆனால் அது கணக்குப் பாஷை, கேட்கிறவர்களுக்குத் தூக்கம் வரும். அதனால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் விளக்கினேன். பதினைந்தாவது நிதிக்குழுவிலிருந்து நமக்கு நூறு ரூபாய் வந்தால் அதில் அறுபது ரூபாயைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும்தான் எடுக்கலாம். மீதி நாற்பதில்தான் மற்ற வேலைகள், அதையும் சம்பளத்துக்குத் தொடக்கூடாது. இதைக் கேட்டதும் முன்வரிசைப் பெரியவர் ஒருவர், “அப்ப தண்ணிக்குத்தான் காசு இருக்குன்னு சொல்றியா தாயி? அதை முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே” என்றார். நியாயமான கேள்வி. காசு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தெரிந்தால்தானே எதைக் கேட்பது என்று தெரியும்.

எது நம் கையில் இருக்கிறது, எது இல்லை என்பதையும் அப்படியே நேராகச் சொன்னேன். குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, வாறுகால், குப்பை, ஊருக்குள் இருக்கிற ரோடு, இதெல்லாம் நாம் பார்ப்பது. பட்டாவும் பஸ்ஸும் ரேஷனும் நாம் செய்ய முடியாது, ஆனால் தீர்மானம் போட்டு அனுப்பலாம், அனுப்பியதற்கு ஒப்புகை வாங்கி அடுத்த கூட்டத்தில் காட்டலாம். “பஸ் விடுவேன்னு நான் சொல்ல மாட்டேன். கேட்டு எழுதுவேன், எழுதினதைக் காட்டுவேன்” என்றேன். தலைவி கையாலாகாதவள் என்று இரண்டு பேர் சொன்னது காதில் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் உரையில் நான் மிகவும் யோசித்து எழுதியது கடைசிப் பகுதி, எப்படிக் கேட்பது என்பது. “தண்ணி வரலைன்னு மட்டும் சொல்லாதீங்க. எந்தத் தெரு, எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரைக்கும், எத்தனை மணிக்கு வருது, எத்தனை குடம் பிடிக்கிறீங்கன்னு சொல்லுங்க. நான் அப்படியே எழுதிக்கிறேன்” என்றேன். காரணம் இருக்கிறது. “குடிநீர் வசதி செய்து தரக் கோரி” என்று ஒரு தீர்மானம் மேலே போனால் அதை எடுத்துப் படிக்கிற ஓவர்சியருக்கு அதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை, இடமும் அளவும் இல்லாமல் மதிப்பீடு போட முடியாது.

அதோடு, முதலில் பேசுகிறவர்கள் இன்ன தெரு என்று நானே சொல்லிவிட்டேன். ஊர்க் கோடியிலிருந்து ஆரம்பித்து மேடைக்குப் பக்கத்துத் தெருவில் முடியும். மைக்கை நான்கு பேரிடமிருந்து பிடுங்குவது இப்படித்தான் முடிந்தது. இதற்காகவே இடத்தையும் மாற்றியிருந்தோம். கோயில் வாசலில் நிழல் நன்றாக இருக்கும், ஆனால் மதச் சார்புள்ள இடத்தில் கிராம சபை கூட்டக்கூடாது. ஒவ்வொரு குக்கிராமமாகச் சுற்றி வர வேண்டும் என்பதும் உண்டு. அந்தத் தடவை காலனிப் பள்ளிக்கூட வாசலில் சாமியானா போட்டோம். எங்கள் மக்கள்தொகைக்குக் குறைந்தது நூறு பேர் வர வேண்டும், இல்லாவிட்டால் கூட்டமே செல்லாது. பதினோரு மணிக்கு அறுபது பேர்தான் இருந்தார்கள். ஊர்க்காரர்களில் பாதிப் பேர் காலனிப் பக்கம் வரத் தயங்கினார்கள் என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது. நூறு தாண்ட பன்னிரண்டரை ஆனது. காத்திருந்துதான் ஆரம்பித்தேன், பதிவேட்டைச் சுற்றுக்கு அனுப்பி நிரப்பிக்கொள்ளலாம் என்று சொன்ன யோசனையை ஏற்கவில்லை.

முதல் தெருவாகக் காலனிக் கடைசித் தெருவைக் கூப்பிட்டேன். போன கூட்டத்தில் வேப்பமரத்தடியில் நின்ற பெண்களில் ஒருத்தி எழுந்தாள். “எங்க தெருவுல இருபத்திரண்டு வீடு. முதல் பத்து வீட்டுக்கு ஏழு மணிக்கு வருது. அதுக்கு அங்கிட்டு உள்ள வீட்டுக்கு எட்டு மணிக்கு மேல நூல் மாதிரி வரும், மூணு குடம், அதோட நின்னுரும்” என்றாள். சொன்ன விதத்தைப் பாருங்கள், அதிலேயே பாதி விடை இருந்தது. தண்ணீர் இல்லை என்பது பிரச்சினை இல்லை. இருக்கிற தண்ணீர் கடைசி வரை போகவில்லை.

கூட்டம் முடிந்ததும் தொட்டி இயக்குபவரைக் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவுக்கு நடந்தேன். முப்பதாயிரம் லிட்டர் மேல்நிலைத் தொட்டி, நான்கு தெருவுக்கும் ஒரே நேரத்தில் திறந்துவிடுகிறார்கள். தொட்டிக்குப் பக்கத்துத் தெருக்களில் நிறைய வீட்டில் குழாயைத் தாழ்த்தி, குழி தோண்டி வைத்திருந்தார்கள். பள்ளத்துக்குத்தானே தண்ணீர் முதலில் பாயும். இரண்டு வீட்டில் மோட்டாரே மாட்டியிருந்தது. மோட்டார் ஓடுகிற நேரத்தில் அடுத்த குழாயில் கையை வைத்தால் காற்று உள்ளே இழுபடுவது தெரிகிறது, அதுதான் அடையாளம். புது போர், புது தொட்டி என்று கேட்டு எழுதியிருந்தால் வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். நாங்கள் செய்தது, கடைசித் தெரு பிரிகிற இடத்திலும் மற்றத் தெருக்கள் பிரிகிற இடத்திலும் கேட் வால்வு போட்டது. குடிநீருக்கு ஒதுக்கிய காசிலேயே முடிந்தது. காலை ஆறு மணிக்குக் கடைசித் தெருவுக்கு மட்டும் நாற்பது நிமிடம், பிறகு மற்றவை. மோட்டாரைக் கழற்ற வைக்கத்தான் இரண்டு மாதம் ஆனது. ஒன்று என் சொந்தக்காரர் வீடு, அதில் பேச்சுவார்த்தை இன்றைக்கும் சரியில்லை.

2022-ல் தண்ணீர் தினமான மார்ச் 22-ம் தேதியும் உள்ளாட்சி தினமான நவம்பர் 1-ம் தேதியும் சேர்ந்து வருடத்துக்கு ஆறு கூட்டம் ஆனது. உரை ஏழு நிமிடத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். பட்டியல் நீளும்போது, முடிந்தவற்றை வேகமாகச் சொல்லிவிட்டு முடியாதவற்றில் நேரம் எடுத்துக்கொண்டேன். எங்கள் பஸ் கடைசி வரை வரவில்லை. ஐந்து தடவை தீர்மானம் போட்டோம், ஐந்து ஒப்புகையும் கோப்பில் இருக்கிறது, வாசித்த ஒவ்வொரு தடவையும் சிரித்தார்கள்.

என்னுடைய கடைசிக் கூட்டம் 2024 நவம்பர் 23. தீபாவளியால் தள்ளிப்போன உள்ளாட்சி தினக் கூட்டம். ஜனவரியில் பதவிக்காலம் முடிகிறது, எல்லாருக்கும் தெரியும். வழக்கம்போலப் பட்டியலை வாசித்துவிட்டு, “சரி, இனி நீங்க சொல்லுங்க” என்று மைக்கை நீட்டினேன். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பத்தா ஒருத்தி மைக்கை வாங்கவில்லை. கைவிரல்களை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள்.

“ஏழாவதை விட்டுட்டியே தாயி” என்றாள். “எங்க தெரு வாறுகால் மூடி. போன தடவ சொன்னேன்ல.”

காகிதத்தைப் பார்த்தேன். ஆறுக்கு அடுத்து எட்டு இருந்தது.