கரும்பலகையில் இரண்டு வரிசைப் புள்ளிகள்

பாளையங்கோட்டையில் நாங்கள் படித்த நாட்களில் புள்ளியியல் சார் ஒரு நாள் ஓலைப்பெட்டி நிறைய உடன்குடிக் கருப்பட்டியோடு வகுப்புக்கு வந்தார். திட்டப்பிழையின் சூத்திரம் அதற்குள் எங்களுக்கு மனப்பாடம். சிதறலை அளக்கும் திட்டவிலக்கத்தை, எடுத்துப் பார்க்கும் கூறில் உள்ள எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான்.

"நாலுக்குப் பதிலா பதினாறு கருப்பட்டிய நிறுத்தா, எடையில இருக்க ஏத்த இறக்கம் குறையுமாடே?" என்று என்னைக் கேட்டார்.

"பாதியாக் குறையும் சார்" என்றேன்.

"நீ நிறுத்துப் பாக்கதுக்காக சின்னக் கருப்பட்டி வளந்துருமா?"

பதில் தெரியாமல் நின்றேன். சிரட்டையில் ஊற்றி எடுக்கும் கருப்பட்டி சிரட்டைக்குத் தக்கபடிதான் இருக்கும். ஒவ்வொன்றிலும் எண் ஒட்டி, சீட்டுக் குலுக்கி, ஆளுக்கு நாலு நிறுக்கச் சொன்னார். நிறுத்ததைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். பலகையில் மேல் வரிசையில் தனித்தனி எடைகளைப் புள்ளியாக வைத்தோம், கீழ் வரிசையில் ஒவ்வொருவர் கண்ட சராசரியை. மேல் வரிசை 150 கிராமில் தொடங்கி 350 வரை சிதறிக் கிடந்தது. கீழ் வரிசை, மூன்று புள்ளிகள் தவிர, 250-ஐச் சுற்றி நெருங்கி நின்றது. மேலே திட்டவிலக்கம் 40 கிராம், கீழே கிட்டத்தட்ட 20. நாலின் வர்க்கமூலம் இரண்டு அல்லவா!

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. கீழே இருக்கும் புள்ளி எதுவும் கருப்பட்டி இல்லை, ஒவ்வொன்றும் ஒருவர் எடுத்த முழுக் கூறு. பதினாறாக எடுத்தால் கீழ் வரிசை 10 கிராம் அளவுக்குச் சுருங்கும், மேல் வரிசை அப்படியேதான் இருக்கும். வெளியே வேலைக்குப் போனால் நம் கையில் இருப்பது கீழ் வரிசையின் ஒரே ஒரு புள்ளி. எடுத்திருக்கக்கூடிய மற்றப் புள்ளிகளை மனதில் பார்க்கத் தெரிந்தால்தான் அதை எவ்வளவு நம்பலாம் என்று சொல்ல முடியும். இப்படி எடுத்திருக்கக்கூடிய எல்லாச் சராசரிகளும் சிதறிக் கிடக்கும் விதத்துக்குக் கூறெடுப்புப் பரவல் என்று பெயர்.

இப்போது சிங்கப்பூரில் இதே பாடத்தை நான் நடத்துகிறேன். இப்படிப்பட்ட இடங்களைக் கல்வி ஆய்வாளர்கள் ஜான் மேயரும் ரே லேண்டும் 2003-இல் வாசல் கருத்துகள் என்ற பொருளில் பெயரிட்டு எழுதினார்கள். தாண்டியவருக்குப் பாடம் முழுதும் வேறாகத் தெரியும், திரும்பப் பழையபடி பார்க்க முடியாது. சொல்லிக்கொடுப்பவருக்கு இதுதான் சிக்கல். தெரியாதிருந்த நிலை மறந்துபோவதால், பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று கண்ணுக்குப் படுவதில்லை. சூத்திரத்தில் முழு மதிப்பெண் வாங்கியவரிடமும் சாரின் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கிறேன். பாதிப் பேர் "குறையும்" என்றே சொல்கிறார்கள்.

அன்று கடைசி பெஞ்சு நண்பர்கள் மூன்று பேர் சீட்டெடுக்காமல் மேலடுக்கிலிருந்தே எடுத்திருந்தார்கள். வியாபாரி பெரிய கருப்பட்டிகளை மேலே அடுக்கியிருந்ததால் அவர்கள் சராசரி மூன்றும் 300-ஐ ஒட்டியே விழுந்தன. ஒன்றுக்கொன்று அவ்வளவு நெருக்கம், மூன்றுமே தப்பு. சார் அவற்றை அழிக்கவில்லை. "இதுக்கு வர்க்கமூலம் உதவாதுடே" என்று சொல்லி வட்டம் போட்டுவிட்டு, சீட்டுகளை மறுபடி குலுக்கச் சொன்னார்.