லுவேகோ லுவேகோ

கலிஃபோர்னியாவின் வாட்சன்வில் பக்கம் ஸ்ட்ராபெரி தோட்டங்களில் பாசனமும் உரமும் பார்க்கிற வேலை எனக்கு. அறுவடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோக்காரர்கள். தண்ணீர் திறந்துவிடுகிறவரை 'ரெகாதோர்' என்பார்கள். வேளாண்மை படித்தவன் என்பதால் என்னை 'இன்ஹெ' என்று கூப்பிடுவார்கள், இஞ்சினியரின் சுருக்கம். ஈரோட்டில் அப்பாவின் தோட்டத்தில் டிரிப் குழாய்க்கு உரத்தை உறிஞ்சிக் கலக்கும் வெஞ்சுரி மாட்டிய கை இது என்பதால், வேலை எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. மொழிதான் புதிது.

முதல் ஏப்ரலில் நடந்தது இது. 5 ஏக்கர் பாத்தி, மொத்தம் மூன்று மணி நேரப் பாசனம். ஏக்கருக்கு 5 பவுண்டு தழைச்சத்து போக வேண்டும், காய்ப்பில் இருக்கிற செடிக்கு ஏறக்குறைய நாலைந்து நாள் சாப்பாடு. எங்களிடம் இருந்தது கேன்-17 என்கிற திரவ உரம். ஒரு கேலனில் இரண்டு பவுண்டுக்குச் சற்று மேல் தழைச்சத்து இருக்கும், ஆக 12 கேலன் போதும். முதல் ஒரு மணி வெறும் தண்ணீர், அடுத்த ஒரு மணியில் உரம், கடைசி ஒரு மணி மறுபடியும் வெறும் தண்ணீர் என்பது என் கணக்கு.

அதை மூத்த ரெகாதோரிடம் ஸ்பானிஷில் சொன்னேன்: "ப்ரிமேரோ அகுவா, லுவேகோ அபோனோ." முதலில் தண்ணீர், பிறகு உரம். அவர், "லுவேகோ லுவேகோ?" என்று கேட்டார். நம் ஊரில் 'அப்புறம் அப்புறம்' என்றால் அவசரமில்லை, பிறகு பார்க்கலாம் என்றுதானே பொருள். அந்த நினைப்பில் சந்தோஷமாகத் தலையாட்டி, "ஸீ, லுவேகோ லுவேகோ" என்றேன்.

மெக்சிகோ ஸ்பானிஷில் 'லுவேகோ லுவேகோ' என்றால் உடனே, அந்த நிமிடமே!

பம்பு ஓடிய கையோடு அவர் உரத்தையும் திறந்துவிட்டார். நான் ஒரு மணி நேரம் கழித்து வந்தபோது தொட்டி காலி. அவர் மேல் தப்பே இல்லை, சொன்னதைச் செய்தார்.

இதில் என்ன கெடுதல் என்றால், குழாய் நிரம்பிக்கொண்டிருக்கும்போதே உரம் போனால் வால்வுக்குப் பக்கத்துச் செடிகள் முதலில் குடிக்கும், கடைசி வரிசைக்கு அவ்வளவு போகாது. கெடுதலில் அது பாதிதான். அதற்குப்பின் இரண்டு மணி நேரம் வெறும் தண்ணீர் ஓடுகிறது. இந்தத் தழைச்சத்தில் பெரும்பகுதி நைட்ரேட், அது மண்ணில் ஒட்டி நிற்காது, தண்ணீர் போகிற இடத்துக்கெல்லாம் கூடவே போகும். ஸ்ட்ராபெரியின் வேரோ பெரும்பாலும் மேல் ஓரடிக்குள்தான்.

மறுநாள் பிளாஸ்டிக் விரிப்பை ஓரமாக விலக்கி அரை அடியில் ஒரு பிடி, ஒன்றரை அடியில் ஒரு பிடி என்று மண் எடுத்தேன். கரைசலில் கலக்கித் தெளியவிட்டு, நைட்ரேட் இருந்தால் சிவக்கும் பட்டையை அதில் நனைத்தேன். மேல் மண்ணில் பட்டை லேசாகத்தான் சிவந்தது, கீழ் மண்ணில் நன்றாகக் கறுத்த ரோஜா நிறம். 12 கேலனில் இருந்த நைட்ரேட்டில் பெரும்பகுதி வேருக்குக் கீழே போய்விட்டது.

அப்படியானால் உரத்தைக் கடைசியில் விட்டால் என்ன என்று அந்த ரெகாதோரே கேட்டார். நல்ல கேள்வி. அவரைப் பாத்தியின் கடைசி முனைக்குக் கூட்டிப்போய், உப்பு அளக்கும் மீட்டரைக் கையில் கொடுத்து, சொட்டும் தண்ணீரை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பிடித்து அளக்கச் சொன்னேன். அங்கே வால்வில் உரத்தைத் திறந்தார்கள். 22 நிமிடம் வரை மீட்டர் அசையவில்லை. பிறகு சட்டென்று ஏறியது. "ஆ, நடந்து வருது" என்று சிரித்தார். உரத்தை மூடிய பிறகும் அதே 22 நிமிடமாவது தண்ணீர் ஓடினால்தான் கடைசிச் செடிக்குப் போய்ச் சேரும் என்பதை அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. மிச்சம் குழாயிலேயே தங்கினால் பாசி பிடித்துத் துளை அடைக்கும்.

அதிலிருந்து 'லுவேகோ', 'அஓரிதா' இரண்டையும் வேலையில் நான் சொல்வதில்லை. (அஓரிதா 'இப்பவே' என்று அகராதி சொல்லும், மெக்சிகோக்காரர் வாயில் அது சாயங்காலமாகவும் இருக்கலாம்.) கடிகார நேரத்தை மட்டும் சொல்கிறேன்: ஆறு மணிக்குத் தண்ணீர், ஏழுக்கு உரம், எட்டுக்கு 'பூரா அகுவா', வெறும் தண்ணீர். "புரிந்ததா?" என்று கேட்பதையும் விட்டுவிட்டேன், எல்லாரும் "ஸீ" என்றுதான் சொல்வார்கள், நான் சொன்ன மாதிரியே. திருப்பிச் சொல்லச் சொல்கிறேன்.

இந்த வருடம் வந்தவர்களில் சிலர் வஹாகாவின் மலைக் கிராமத்தவர்கள். அவர்களுக்கு வீட்டு மொழி மிஷ்டெக், ஸ்பானிஷ் அவர்களுக்கும் கற்றுக்கொண்ட மொழிதான். மூத்த ரெகாதோரும் அந்தப் பக்கத்தவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர்களை வால்வடியில் உட்காரவைத்து அவரே சொல்லிக்கொடுத்தார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. இடையிடையே ஸேய்ஸ், ஸியேதெ, ஓச்சோ மட்டும் காதில் விழுந்தன, ஆறு, ஏழு, எட்டு.