அந்த 5,600 ரூபாய்

கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜில் புக்கிங் பார்க்கிறேன். டிசம்பர் சீசன் இங்கே எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கிறிஸ்துமஸுக்குக் கடல் பார்த்த ரூம் கேட்டு வரும் போன்களை எடுத்து முடியாது. அட்வான்ஸ் வாங்காமல் யாருக்கும் ரூம் நிறுத்தி வைக்க முடியாது, அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. சந்தேகம் எல்லாம் மதுரையில் இருந்து ஒரு அம்மா கேட்ட ஒரு கேள்வியில்தான்.

அவருக்கு நான் அனுப்பிய மெசேஜ் இது:

"வணக்கம். கடல் பார்த்த ஏசி ரூம் 2. டிச. 24 மதியம் 12 முதல் டிச. 26 மதியம் 12 வரை. ஒரு ரூம் ஒரு நாளைக்கு 2,800, மொத்தம் 11,200. அட்வான்ஸ் 5,600. டிச. 21 இரவு 9 மணிக்குள் ரத்து செய்தால் அட்வான்ஸ் முழுவதும் திரும்பத் தரப்படும். அதன் பிறகு ரத்து செய்தால் திரும்பத் தரப்படாது. சம்மதம் என்றால் பதில் அனுப்புங்கள், க்யூஆர் கோடு அனுப்புகிறேன்."

இந்த மெசேஜ் ஒரே நாளில் வந்ததில்லை. முன்பு "48 மணி நேரத்துக்கு முன்" என்று போட்டிருந்தோம். எதற்கு 48 மணி நேரம் முன் என்பதிலேயே சண்டை வரும். சிலர் செக்-இன் நேரத்தில் இருந்து எண்ணுவார்கள், சிலர் அந்தத் தேதி பிறக்கும் நள்ளிரவில் இருந்து எண்ணுவார்கள், ரயில் காலை 6 மணிக்கு வந்து சேரும் என்பதால் 6-ல் இருந்து எண்ணியவர்களும் உண்டு. அதனால் தேதியும் மணியுமாகவே எழுத ஆரம்பித்தேன். அதேபோல க்யூஆர் கோடு பிறகுதான் போகும், முதலில் நிபந்தனை. பணம் வாங்கிய பிறகு "திரும்பத் தரப்படாது" என்று அனுப்பினால் அவர்கள் எதற்குச் சம்மதித்தார்கள் என்று நாமே சொல்ல முடியாமல் போகும். அந்த அம்மா படித்துப் பார்த்து, "சரி தம்பி" என்று பதில் போட்டு, அப்புறம்தான் பணம் அனுப்பினார். அந்த விஷயத்தில் எல்லாம் சுத்தம்.

23-ஆம் தேதி மதியம் அவர் போன் செய்தார். மாமியார் குளியலறையில் விழுந்துவிட்டார், இடுப்பு எலும்பு, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், வர முடியாது என்றார். ரத்து செய்யும் நேரம் முடிந்துவிட்டதே மேடம் என்று மெசேஜை நினைவுபடுத்தினேன். அவர் வாதாடவில்லை. தேதி மாற்றித் தரட்டுமா என்று நானே கேட்டேன், "இப்போதைக்கு எங்கேயும் வர்ற மாதிரி இல்லப்பா" என்று வைத்துவிட்டார்.

26-ஆம் தேதி காலையில் மறுபடி கூப்பிட்டார். "தம்பி, பணத்துக்காகக் கேக்கலை. அந்த ரெண்டு ரூமும் ரெண்டு நாளும் பூட்டியா கிடந்துச்சு?"

நான் கொஞ்சம் நேரம் பேசவில்லை. அப்புறம் உண்மையைச் சொன்னேன். "இல்ல மேடம். முதல் நாள் ஒரு ரூம் போச்சு, ரெண்டாவது நாள் ரெண்டுமே போச்சு." அவர் "ஓ" என்றார். நல்லா இருங்க என்று சொல்லி வைத்துவிட்டார். திருப்பித் தாருங்கள் என்று கேட்டிருந்தால் சொல்ல என்னிடம் பதில் தயாராக இருந்தது. அவர் கேட்கவே இல்லை, அதுதான் என்னை விடமாட்டேன் என்கிறது.

அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நேரில் வந்தவர்களுக்கு ஒரு ரூம் 3,500-க்குக் கொடுத்தோம். நான்கு இரவு வாடகையில் மூன்று போனது, ஆக 10,500. அவர்களைக் கூட்டிவந்த ஆட்டோக்காரருக்குக் கமிஷன் 600. கையில் நின்றது 9,900. அந்த அம்மா வந்திருந்தால் 11,200. ஆக எங்களுக்கு உண்மையில் நஷ்டம் 1,300 ரூபாய். வைத்துக்கொண்டது 5,600. நஷ்டத்தை மட்டும் பிடித்திருந்தால் 4,300 அவர் கையில் போயிருக்கும், அது அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஆகியிருக்கும்.

நாகர்கோவிலில் வக்கீலாக இருக்கும் நண்பரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் 74-ஆவது பிரிவைச் சொன்னார். வாக்குத் தவறினால் இவ்வளவு தர வேண்டும் என்று ஒரு தொகையை எழுதி வைத்திருந்தாலும், அந்தத் தொகைக்கு மேல் போகாமல் நியாயமான இழப்பீடுதான் வாங்க முடியுமாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டமும் நஷ்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத அளவு அபராதம் போடும் ஒப்பந்தத்தை நியாயமற்றது என்கிறது. அதற்காக முன்பணத்தைப் பிடிக்கவே கூடாது என்று இல்லை, தொகை நியாயமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். ஒரு நாள் வாடகையைப் பிடிப்பது ஊர் வழக்கம், அது நியாயம்தான் என்று யாரும் சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் கேட்டது இது: "ஆளே வராம நாலு ராத்திரியும் காலியா கிடந்திருந்தா, மிச்ச 5,600-ஐ அந்தம்மாகிட்ட போய் வாங்கியிருப்பியா? மாட்டேல்லா? நஷ்டம் வந்தா நமக்கு, லாபம் வந்தா மட்டும் அவங்களுக்கா? அது என்ன கணக்கு, கேட்டியா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை. அந்த ரூம்களுக்காக 22-ஆம் தேதி போன் செய்த ஒரு குடும்பத்தை இல்லை என்று அனுப்பினேன். நேரில் ஆள் வருவது எங்கள் அதிர்ஷ்டம்தான். கடல் கொஞ்சம் சீற்றமாகி விவேகானந்தர் பாறைக்குப் படகு நின்றாலே நேரில் வரும் கூட்டத்தில் பாதி மாலையிலேயே திருவனந்தபுரம் பக்கம் போய்விடும்.

அப்படியும் மெசேஜில் ஒரு வரி சேர்க்கலாமா என்று எழுதிப் பார்த்தேன்: "அதன் பிறகு ரத்தானாலும், அதே ரூம் வேறு ஒருவருக்குப் போனால் அட்வான்ஸில் பாதி திரும்பத் தரப்படும்." படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் 24-ஆம் தேதி நடந்ததை இதில் வைத்துப் பார்த்தபோது சிக்கியது. அன்று மாலை காலியாக இருந்தது அவருடைய 204, 205 மட்டும் இல்லை. 207-இல் ஏசி ஒழுகியதால் யாருக்கும் புக் செய்யாமல் வைத்திருந்தோம், மெக்கானிக் வந்து ஏழு மணிக்குச் சரிசெய்துவிட்டார். எட்டு மணிக்கு வேனில் ஒரு குடும்பம் வந்தது. ரூம் பையன் பலகையில் இருந்து 204 சாவியை எடுத்தான், ஏனென்றால் அதில் பெட்ஷீட் மாற்றியிருந்தது, 207-இல் தரை இன்னும் ஈரம். பையன் 207 சாவியை எடுத்திருந்தால் அந்த அம்மாவின் ரூம் இரண்டுமே அன்று "காலி". எந்தச் சாவியைக் கொடுப்பது என்பது எங்கள் கையில் இருக்கும்போது, அந்த வரியை நம்பி ஒருவர் பணம் அனுப்புவது எப்படி? நான் நேர்மையாக இருப்பேன். அடுத்த ஷிப்டில் இருப்பவரும் இருக்க வேண்டும். அதுவும் இல்லாமல் நான்கு வரிக்கு மேல் போனால் யாரும் படிப்பதில்லை, "பாதி திரும்பத் தரப்படும்" என்பது மட்டும்தான் கண்ணில் படும்.

"ரத்தானால் 1,500 மட்டும் பிடிக்கப்படும்" என்று ஒரே தொகையாகப் போட்டுவிடலாம் என்றும் தோன்றியது. எளிமையாக இருக்கும். ஆனால் மூன்று லாட்ஜில் ரூம் போட்டுவிட்டு முதல் நாள் இரவு இரண்டை ரத்து செய்பவர்களுக்கு 1,500 பெரிய பணம் இல்லை.

இந்தச் சீசனுக்கு முதலாளி ஒன்றுக்கு மட்டும் ஒத்துக்கொண்டிருக்கிறார். "அதன் பிறகு ரத்து செய்தால் திரும்பத் தரப்படாது, ஆறு மாதத்துக்குள் வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளலாம்" என்று போடுகிறேன். அந்த அம்மாவிடம் வாய் வார்த்தையாக அதைத்தான் சொன்னேன், அவருக்கு அது உதவவில்லை. மதுரை எண் இன்னும் போனில் இருக்கிறது. சித்ரா பௌர்ணமிக்கு ஒரு ரூம் வாடகை இல்லாமல் தரலாமா என்று முதலாளியிடம் இரண்டு முறை கேட்டுவிட்டேன், பார்க்கலாம் என்றிருக்கிறார்.